மேனேஜர் பெயரில் வந்த மெயில், 3,84,000 ரூபாய் போய்விட்டது. உள்ளாள் வேலையா?

நூல்கணக்கு (திருப்பூர்) | ஞாயிறு, காலை 9:40

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நேற்று நடந்ததை எழுதுகிறேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை, எழுத்தில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாள். தையல், செக்கிங், அயர்னிங் என்று எல்லாருக்கும் வாரக்கூலி போட்டு முடிக்கவே பொழுது போய்விடும். ஜிஎம் கண்காட்சிக்காக டெல்லி போயிருந்தார். மாலை 4:10-க்கு என் போனில் ஒரு மெயில். மேலே அவர் பெயர். ஆபீசில் இருக்கிறீர்களா, மீட்டிங்கில் இருப்பதால் போன் எடுக்க முடியாது, இதிலேயே பதில் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. இருக்கிறேன் சார் என்று போட்டேன். நடுவில் ஒன்றிரண்டு மெயில். பிறகு 4:41-க்கு, நம் சாயப்பட்டறையின் பழைய வங்கிக் கணக்கு முடக்கத்தில் இருக்கிறது, அவர்களுக்குத் தர வேண்டிய 3,84,000-ஐ இந்தப் புதுக் கணக்குக்கு இன்றே அனுப்புங்கள், அவர்களிடம் நான் பேசிவிட்டேன் என்று வந்தது.

ஐந்து லட்சம் வரை நானே அனுப்ப எனக்கு அனுமதி உண்டு. 5:05-க்கு ஆர்டிஜிஎஸ் போட்டேன். 5:50-க்குச் சாயப்பட்டறையிலிருந்து கணக்குப் பையன் கூப்பிட்டு, "அக்கா, இந்த வாரம் பேமென்ட் வருமா?" என்றான். அப்போதுதான் தெரிந்தது.

உடனே வங்கிக்குச் சொல்லி, 6:10-க்கு சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் அழைத்தேன். புகார் எண் வாங்கியிருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். எங்கள் சாயப்பட்டறையின் பெயரும், பாக்கித் தொகை ரூபாய் பிசகாமலும் வெளியாளுக்கு எப்படித் தெரியும்? முதலாளி, இது உள்ளாள் வேலை என்று நினைக்கிறார். கணக்குப் பிரிவில் நாங்கள் மூன்றே பேர். எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டேன் என்கிறார்.

---

கரூர்_விரிப்பு | ஞாயிறு, காலை 10:05

முதலில் உங்கள் ஜிஎம்மின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். அவர் மெயிலுக்குள் யாரோ புகுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் சாயப்பட்டறை பெயரையும் தொகையையும் எடுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுத்துணி ஏற்றுமதியாளருக்கு இப்படித்தான் நடந்தது. அவருடைய அனுப்பிய பெட்டியிலேயே அவர் எழுதாத மெயில்கள் கிடந்தன.

---

ஈரோடு_டெக்ஸ் | ஞாயிறு, காலை 10:32

இது ஸ்பூஃபிங், அதாவது உங்கள் முகவரியையே போலியாகப் போட்டு அனுப்புவது. மெயில் அசலா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் உங்கள் டொமைனுக்குப் போடவில்லை என்று நினைக்கிறேன். டிமார்க்கை `p=reject` என்று வைத்தால் உங்கள் டொமைன் பெயரில் வேறு எவனும் மெயில் அனுப்ப முடியாது. அரை நாள் வேலை. நானே செய்து தருகிறேன், இலவசமாகவே.

---

பீளமேடு_சர்வர் | ஞாயிறு, காலை 11:15

நூல்கணக்கு, விஷயம் தெரிந்த இருபதே நிமிடத்தில் 1930-க்குச் சொன்னீர்கள், அது பெரிய விஷயம். கொஞ்சம் தைரியமாக இருங்கள்.

பாஸ்வேர்டா டிமார்க்கா என்று நாம் இங்கே ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம். அந்த மெயிலே சொல்லிவிடும். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி `Show original` என்பதைத் தொடுங்கள். போனில் இது வராது. அதில் `Authentication-Results` என்று தொடங்கும் பகுதியையும் `From` வரியையும் மட்டும் இங்கே போடுங்கள். பெயரையும் முகவரியையும் மாற்றிவிட்டுப் போடுங்கள். மெயிலை மட்டும் அழித்துவிடாதீர்கள், போலீசுக்கு அது தேவைப்படும்.

---

நூல்கணக்கு (திருப்பூர்) | ஞாயிறு, மதியம் 12:20

இன்று ஆபீஸ் விடுமுறை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கி உள்ளே வந்து எடுத்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன், முகவரியின் பின்பாதியை மறைத்திருக்கிறேன்.

```
Authentication-Results: mx.google.com;
  dkim=pass header.i=@gmail.com;
  spf=pass smtp.mailfrom=gm.xxxx@gmail.com;
  dmarc=pass header.from=gmail.com
From: "Senthilkumar P" <gm.xxxx@gmail.com>
```

எல்லாமே pass என்றுதானே இருக்கிறது? அப்படியென்றால் மெயில் நிஜமா?

---

பீளமேடு_சர்வர் | ஞாயிறு, மதியம் 1:05

மெயில் நிஜம்தான். ஜிமெயிலில் இருக்கும் `gm.xxxx` என்ற கணக்கிலிருந்து உண்மையாகவே வந்திருக்கிறது. அதைத்தான் அந்த மூன்று pass-ம் சொல்கின்றன. அந்தக் கணக்கு உங்கள் ஜிஎம்முடையது என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

கடைசி வரியைப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பது பெயர். கோணக் குறிக்குள் இருப்பது முகவரி. முகவரியை ஜிமெயில் சோதித்துத்தான் அனுப்பும். பெயரை யாரும் சோதிப்பதில்லை, அனுப்புகிறவன் எழுதியதுதான் பெயர். லாரி புக்கிங் ஆபீசில் பண்டல் போடும்போது அனுப்புநர் என்ற இடத்தில் நீங்கள் சொல்லும் பெயரை எழுதி ரசீது கிழித்துத் தருகிறார்கள் இல்லையா, அதே மாதிரி. ரசீது அசல், லாரியும் அசல். பெயருக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை.

போனில் இடம் குறைவு என்பதால் மெயில் ஆப் பெயரை மட்டும் பெரிதாகக் காட்டிவிட்டு முகவரியை மடித்து வைத்துவிடுகிறது. பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டால்தான் முகவரி விரியும். சம்பளம் போட்டுக்கொண்டிருக்கும் கையால் அதை யார் தொடுவார்கள்?

ஈரோடு தம்பி, நீங்கள் சொன்ன மூன்றும் நல்லவை, போட்டே ஆக வேண்டியவை. ஆனால் அவை உங்கள் டொமைன் முகவரியை இன்னொருவன் போட்டு அனுப்புவதைத்தான் தடுக்கும். இவன் கம்பெனி டொமைனைத் தொடவே இல்லை. `p=reject` இருந்திருந்தாலும் இந்த மெயில் வந்து சேர்ந்திருக்கும், ஏனென்றால் சோதிக்கப்படுவது gmail.com.

கரூர் நண்பர் சொன்னதும் உலகத்தில் நடப்பதுதான். அப்படி நடந்திருந்தால் கோணக் குறிக்குள் ஜிஎம்மின் உண்மையான முகவரி இருக்கும், நீங்கள் போட்ட பதில்களும் அவருடைய பெட்டிக்கே போயிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. அவருடைய கணக்குக்குள் யாரும் நுழைந்ததாக இந்த மெயிலை வைத்துச் சொல்ல முடியாது.

---

ஈரோடு_டெக்ஸ் | ஞாயிறு, மதியம் 1:20

சரி, ஒத்துக்கொள்கிறேன். டிமார்க் பற்றி நான் சொன்னது இந்த வகைக்குப் பொருந்தாது. ஆனால் உள்ளாள் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. ஜிஎம் பெட்டிக்குள் புகவில்லை என்றால் சாயப்பட்டறை பெயர் எப்படிக் கிடைத்தது?

---

பீளமேடு_சர்வர் | ஞாயிறு, மதியம் 1:34

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நூல்கணக்கு, "நடுவில் ஒன்றிரண்டு மெயில்" என்று எழுதினீர்கள். அவற்றை நேர வரிசையில், யார் எழுதியது என்பதோடு போட முடியுமா? குறிப்பாகச் சாயப்பட்டறை என்ற சொல்லை முதலில் எழுதியது யார்?

---

நூல்கணக்கு (திருப்பூர்) | ஞாயிறு, மதியம் 2:10

4:10 அவன்: ஆபீசில் இருக்கிறீர்களா.
4:14 நான்: இருக்கிறேன் சார்.
4:20 அவன்: இன்று போக வேண்டிய பேமென்ட் லிஸ்ட் அனுப்புங்கள்.
4:26 நான்: லிஸ்டை அப்படியே ஒட்டியிருக்கிறேன். நிட்டிங் பார்ட்டி, அட்டைப்பெட்டிக்காரர், சாயப்பட்டறை, பிரிண்டிங். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகத் தொகை.
4:41 அவன்: சாயப்பட்டறை கணக்கு மாறிவிட்டது.

நான்தான் எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

---

பீளமேடு_சர்வர் | ஞாயிறு, மதியம் 2:25

இதை அச்செடுத்து முதலாளியிடம் காட்டுங்கள். உங்கள் மூன்று பேர் மேலும் விழுந்த சந்தேகத்துக்கு இதுதான் பதில். அவனிடம் முதலில் இருந்தவை மூன்றே விஷயம்: ஜிஎம்மின் பெயர், உங்கள் மெயில் முகவரி, ஜிஎம் வெளியூரில் இருக்கிறார் என்பது. இந்த மூன்றும் எங்கே கிடைக்கும்?

---

நூல்கணக்கு (திருப்பூர்) | ஞாயிறு, மதியம் 2:41

ஜிஎம் பெயரும் என் மெயிலும் எங்கள் வெப்சைட்டில் தொடர்புக்கு என்ற பக்கத்திலேயே இருக்கின்றன. டெல்லி ஸ்டாலில் ஜிஎம் நிற்கும் படத்தை வெள்ளிக்கிழமை எங்கள் மெர்ச்சண்டைசர் கம்பெனிப் பக்கத்தில் போட்டார்.

---

பீளமேடு_சர்வர் | ஞாயிறு, மதியம் 2:58

முதல் மெயில் ஏன் அவ்வளவு வெறுமையாக இருந்தது என்று பாருங்கள். லிங்க் இல்லை, இணைப்பு இல்லை, பணம் என்ற பேச்சே இல்லை. வடிகட்டி பிடிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் பதில் போட்ட பிறகு நடப்பது, நீங்களே ஒத்துக்கொண்ட உரையாடல். இந்த வகை மோசடியில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கின. போன் எடுக்க முடியாது என்ற வரி ஒன்றுதான் எல்லாவற்றிலும் தவறாமல் இருந்தது, சரிபார்க்கும் வழியை முதலிலேயே அடைத்துவிட வேண்டும் அல்லவா.

இன்னொரு கேள்வி. உங்கள் கம்பெனி மெயில் ஓடுவது கூகுள் ஒர்க்ஸ்பேஸில்தானே? மெயிலுக்கு மேலே மஞ்சள் பட்டையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லையா?

---

தென்னைநார் (பொள்ளாச்சி) | ஞாயிறு, மாலை 4:15

எங்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வந்தது. நார்க் கட்டி ஏற்றுமதி செய்கிறோம். முதலாளியின் படத்தை டிபியாக வைத்து, "இது என் புது நம்பர், சேவ் செய்துகொள்" என்று ஒரு செய்தி. எங்கள் பையன் சொன்னபடியே முதலாளி பெயரில் சேவ் செய்துவிட்டான். அத்தோடு போச்சு. அதுவரை மேலே எண் தெரிந்தது, பெயருக்கு முன்னால் ~ குறி இருந்தது. சேவ் செய்ததும் முதலாளியின் பெயர் சுத்தமாக வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பணம் கேட்டபோது பையனுக்குச் சந்தேகமே வரவில்லை. நல்லவேளை, முதலாளி அந்த நேரம் கடைக்கே வந்துவிட்டார்.

மெயில் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. உங்கள் கதையைப் படித்ததும் இது நினைவுக்கு வந்தது.

---

மில்கணக்கர்62 (பல்லடம்) | ஞாயிறு, மாலை 5:02

அம்மிணி, நான் நூல் மில்லில் 34 வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் மெயில் இல்லை, ஆனால் போலிக் கடிதம் உண்டு. பார்ட்டியின் கணக்கு மாறினால் எந்த வழியில் தகவல் வந்தாலும் சரி, நம் லெட்ஜரில் பழையதாக எழுதியிருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்போம். வந்த கடிதத்தில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட மாட்டோம். கேட்டு, பேசியவர் பெயரையும் நேரத்தையும் வவுச்சரில் எழுதிய பிறகுதான் கணக்கை மாற்றுவோம். எங்கள் மேனேஜரே நேரில் வந்து சொன்னாலும் பார்ட்டியிடம் கேட்காமல் மாற்றியதில்லை. அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். புதுக் கணக்கைச் சேர்த்த உடனே எப்படி அவ்வளவு பெரிய தொகை போனது? வங்கி கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்குமே?

---

நூல்கணக்கு (திருப்பூர்) | ஞாயிறு, மாலை 5:30

ஐயா, நாங்கள் பேமென்ட்டைக் கோப்பாக ஏற்றுவோம். எங்கள் வங்கியில் அப்படி ஏற்றினால் பயனாளியைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. கோப்பில் பெயர் என்ற இடத்தில் சாயப்பட்டறையின் பெயரைத்தான் அடித்தேன். கணக்கு வேறு யாருடையதோ. பெயர் பொருந்தவில்லை என்று ஏன் திரும்பவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

பீளமேடு அண்ணா, மஞ்சள் பட்டை எதுவும் வரவில்லை. போனிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை.

---

பீளமேடு_சர்வர் | ஞாயிறு, இரவு 7:10

வங்கி விஷயம் முதலில். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் சேர்வது கணக்கு எண்ணை வைத்துத்தான். நீங்கள் அடிக்கும் பெயர் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆக, ஒரே நாளில் இரண்டு பெயர் உங்களை ஏமாற்றியிருக்கிறது, மெயிலில் ஒன்று, வங்கிக் கோப்பில் ஒன்று. இரண்டுமே யாரும் சோதிக்காத பெயர்கள். 2024 டிசம்பர் கடைசியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் கொடுத்தால், அந்தக் கணக்கு உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பணம் அனுப்பும் முன்பே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்றது. நெட் பேங்கிங்கில் ஒவ்வொன்றாக அனுப்பும்போது அந்தப் பெயரைப் பார்க்கலாம். கோப்பாக ஏற்றினால் உங்கள் வங்கியில் அது வருகிறதா என்று கிளை மேனேஜரிடம் கேளுங்கள். வராவிட்டால், புதுக் கணக்கு எதுவானாலும் முதல் முறை கோப்பில் போடாமல் தனியாகத் திறந்து பெயரைப் பார்த்து அனுப்புவது நல்லது.

மஞ்சள் பட்டை: ஒர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பக்கத்தில் ஜிமெயில் அமைப்புகளில் `Safety` என்ற பகுதிக்குள் `Spoofing and authentication` இருக்கும். அதில் `Protect against spoofing of employee names` என்று ஒன்று உண்டு. உங்கள் ஊழியர் பட்டியலில் உள்ள பெயரோடு வெளி முகவரியிலிருந்து மெயில் வந்தால் எச்சரிக்கை காட்டவோ ஸ்பாமுக்கு அனுப்பவோ செய்யும். அது உங்களுக்கு இயங்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. அணைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது பட்டியலில் ஜிஎம்மின் பெயர் வேறு விதமாக இருக்கிறது. நாளை பார்த்துச் சொல்லுங்கள்.

---

சென்னிமலைக்காரன் | ஞாயிறு, இரவு 8:45

பல்லடம் ஐயா சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கம்பெனிகளில் நடப்பது வேறு. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், "சொன்னதைச் செய்யாமல் என்னையே திருப்பிக் கேட்கிறாயா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்கள். அடுத்த முறை யார் கேட்பார்கள்? மெயிலில் மேனேஜர் பெயரைப் பார்த்ததும் அந்தக் கத்தல்தான் காதில் விழும். அம்புக்குறியைத் தொட்டு முகவரியைப் பாருங்கள் என்று கணக்குப் பெண்களுக்கு வகுப்பு எடுப்பதைவிட முதலாளிகளுக்கு வகுப்பு எடுப்பது அவசரம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

---

மில்கணக்கர்62 (பல்லடம்) | ஞாயிறு, இரவு 9:05

நீங்கள் சொல்வதும் சரிங்க. எங்கள் மில்லில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே முதலாளிதான். அவர் வாயால் சொன்னதால்தான் எங்களால் கடைப்பிடிக்க முடிந்தது.

---

கரூர்_விரிப்பு | ஞாயிறு, இரவு 9:20

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் முழுப் பணத்தையும் வங்கியே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

---

பீளமேடு_சர்வர் | ஞாயிறு, இரவு 9:48

அந்த விதி 2017-ல் வந்தது, எனக்கும் தெரியும். அது நமக்குத் தெரியாமல் நம் கணக்கிலிருந்து வேறு எவனோ எடுத்த பணத்துக்கு. இங்கே அனுமதியுள்ள ஊழியரே உள்ளே நுழைந்து அனுப்பியிருக்கிறார். ஏமாந்து அனுப்பினாலும் வங்கியின் கண்ணில் அது முறையான பரிவர்த்தனை. நூல்கணக்குக்கு இந்த நம்பிக்கையைக் கொடுக்காதீர்கள், பிறகு இரண்டாவது அடியாகிவிடும்.

இங்கே பலன் தரக்கூடியது 1930 புகார்தான். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சம் இருப்பதை அந்த வங்கி நிறுத்தி வைக்கும். அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தால் அங்கேயும் துரத்தும். நேரம் ஆக ஆக மிச்சம் குறையும். நிறுத்திய பணம் உங்கள் கைக்கு வர நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள், அதற்குக் கொஞ்சம் நாளாகும். புகாரை cybercrime.gov.in தளத்தில் முழுமையாகப் பதிந்து, அந்த எண்ணோடு வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

---

நூல்கணக்கு (திருப்பூர்) | செவ்வாய், இரவு 8:30

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வங்கியிலிருந்து சொன்னார்கள்: 3,84,000-ல் 2,31,000 நிறுத்தப்பட்டிருக்கிறது. மீதி சனிக்கிழமை இரவுக்குள் மூன்று கணக்குகளாகப் பிரிந்து எடுக்கப்பட்டுவிட்டது.

மெயில்களை வரிசையாக அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். உள்ளாள் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் மீதி 1,53,000-ஐ என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறார்.

ஒர்க்ஸ்பேஸைப் பார்த்தோம். எச்சரிக்கை அமைப்பு இயக்கத்தில்தான் இருக்கிறது. பட்டியலில் ஜிஎம்மின் பெயரே இல்லை. `GM Office` என்று பதிந்திருக்கிறார்கள். வந்த மெயிலிலோ அவருடைய சொந்தப் பெயர். ஒப்பிட்டுப் பார்க்கக் கூகுளுக்கு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை உறுத்துகிறது. ஜிஎம் வெளியூர் போனால் கம்பெனி மெயிலை விட்டுவிட்டுத் தன் சொந்த ஜிமெயிலிலிருந்துதான் எங்களுக்கு எழுதுவார். இரண்டு வருடமாக அப்படித்தான். அன்று அம்புக்குறியைத் தொட்டு முகவரியைப் பார்த்திருந்தாலும் ஜிமெயில் என்று இருப்பதைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்.

---

பீளமேடு_சர்வர் | செவ்வாய், இரவு 9:15

நீங்கள் கடைசியில் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். மேனேஜர் ஜிமெயிலில் இருந்தும் எழுதுவார் என்று ஆகிவிட்டால், எந்த வடிகட்டியாலும் எந்த ஊழியராலும் அசலையும் போலியையும் பிரிக்க முடியாது. பெயர் ஒன்று, டொமைனும் ஒன்று, வித்தியாசம் @ குறிக்கு முன்னால் நாலைந்து எழுத்தில். ஆகவே முதல் வேலை ஜிஎம்முடையது. போனில் கம்பெனி மெயிலைப் போட்டுக்கொண்டு, சொந்த ஜிமெயிலிலிருந்து இனி ஒரு வரிகூட அலுவலகத்துக்கு எழுதக்கூடாது. அதை அவரே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்ற அமைப்புகளுக்கு அர்த்தம் வரும்.

பட்டியலில் அவருடைய பெயரை முழுதாகப் பதியுங்கள். இதிலும் ஓர் எல்லை இருக்கிறது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஊழியர்களில் நான்கு செந்தில்குமார், மூன்று பழனிசாமி. வெளியே டீலர்களிலும் அதே பெயர்கள். தினமும் நல்ல மெயில்களுக்கெல்லாம் மஞ்சள் பட்டை வந்தது. ஒரு மாதத்தில் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை என்றாகிவிட்டது. கடைசியில், பணம் அனுப்பச் சொல்லும் அதிகாரம் உள்ள ஐந்து பேரின் பெயருக்கு மட்டும் தனி விதி எழுதினோம். அந்தப் பெயரோடு வெளியிலிருந்து வருவது நிறுத்தப்பட்டு, ஒருவர் பார்த்த பிறகே உள்ளே போகும். அதிலும் இன்ஷியல் முன்னால், பின்னால், இடைவெளி விட்டு, விடாமல் என்று எல்லா வடிவத்தையும் எழுத வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்துப் போலவே தோன்றும் ரஷ்ய எழுத்தைப் போட்டு அனுப்பினால் இந்த விதியும் ஏமாறும்.

---

ஈரோடு_டெக்ஸ் | செவ்வாய், இரவு 9:40

வெளி மெயிலுக்கெல்லாம் வெளியாள் என்று பட்டை போட்டால் என்ன?

---

பீளமேடு_சர்வர் | செவ்வாய், இரவு 9:52

போடலாம். ஆனால் ஏற்றுமதிக் கம்பெனியில் பையர், ஷிப்பிங் ஏஜென்ட், நூல்காரர் என்று வருவதில் பெரும்பகுதி வெளி மெயில்தான். எல்லாவற்றிலும் இருக்கும் பட்டை ஒன்றிலும் இல்லாத மாதிரி. இதை ஒத்துக்கொள்ளாத நண்பர்களும் எனக்கு உண்டு.

---

மில்கணக்கர்62 (பல்லடம்) | செவ்வாய், இரவு 10:05

அம்மிணி, சம்பளத்தில் பிடிப்பது பற்றி. ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக நட்டம் என்று காட்டினால்தான் பிடிக்க முடியும், அதற்கும் முதலில் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். அதைச் சம்பளச் சட்டமே சொல்கிறது. இங்கே ஜிமெயிலில் எழுதும் பழக்கம் மேனேஜருடையது, பட்டியலில் பெயர் இல்லாதது கம்பெனியுடையது, ஐந்து லட்சத்துக்கு ஒரே கை என்று வைத்ததும் அவர்கள்தான். எழுத்தில் கேட்டால் இதையெல்லாம் எழுத்தில் கொடுங்கள். வாய்ப் பேச்சில் எதற்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

---

சென்னிமலைக்காரன் | செவ்வாய், இரவு 10:20

அவருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாதே ஐயா. கணக்கு மாற்றம் என்று வந்ததும் பார்ட்டிக்கு ஒரு போன் செய்திருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் நூல்கணக்கு, முதலாளி தரப்பு இதைத்தான் கேட்கும். பதில் தயாராக இருக்க வேண்டும்.

---

நூல்கணக்கு (திருப்பூர்) | புதன், மதியம் 1:15

தப்பாக எடுக்கவில்லை. நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆடிட்டர் என்ன சொன்னார் என்று இன்னும் தெரியவில்லை.

ஜிஎம் இன்று காலை எல்லாரையும் கூட்டி, சொந்த ஜிமெயிலில் இனி எழுத மாட்டேன், கணக்கு மாற்றம் என்றால் யார் சொன்னாலும் லெட்ஜர் நம்பருக்குக் கூப்பிடுங்கள், என்னையும் கூப்பிடுங்கள், மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன் என்று சொன்னார். இரண்டு லட்சத்துக்கு மேல் இரண்டாவது ஆள் ஒப்புதல் வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்தாயிற்று.

அப்புறம் ஒரு சந்தேகம். இப்போதுதான் ஜிஎம்முக்கு ஒரு மெயில் எழுத உட்கார்ந்தேன். அனுப்பும் இடத்தில் அவர் பெயரில் மூன்று எழுத்து அடித்ததுமே முதலில் வந்து நின்றது அந்தப் போலி முகவரி. அவர் பெயரோடு. நான் அதைச் சேவ் செய்யவே இல்லை.

---

பீளமேடு_சர்வர் | புதன், மதியம் 1:40

நீங்கள் பதில் போட்டபோது ஜிமெயில் தானாகவே `Other contacts` என்பதில் சேர்த்துக்கொண்டது. அவன் வைத்த பெயரிலேயே. பொள்ளாச்சிப் பையன் கையால் செய்ததை இங்கே மென்பொருளே செய்திருக்கிறது. contacts.google.com-ல் போய் அந்தப் பட்டியலில் அதை அழியுங்கள். ஜிமெயில் அமைப்புகளில் `Create contacts for auto-complete` என்று இருப்பதை `I'll add contacts myself` என்று மாற்றுங்கள். அந்த மெயிலை வேறு யாருக்காவது காட்டினீர்களா? அவர்களில் யாரேனும் அந்த முகவரிக்குப் பதில் போட்டிருந்தால் அவர்கள் கணக்கிலும் இருக்கும்.

---

நூல்கணக்கு (திருப்பூர்) | புதன், மதியம் 2:05

அழித்துவிட்டேன். எங்கள் மெர்ச்சண்டைசருக்குத் திங்கட்கிழமை அதைக் காட்டினேன். அவர் ஆத்திரத்தில் அவனுக்குத் திட்டி ஒரு பதில் போட்டாராம். பையருக்கு விலைப்பட்டியல் அனுப்பும்போது ஜிஎம்முக்கும் நகல் போடுவது அவர்தான். இப்போது அவர் மேசைக்குத்தான் போகிறேன்.